கதவை அடைத்தால் இறால் குஞ்சு எங்கே போகும்?



தைப்பிங்கிலிருந்து கடலை நோக்கிப் போனால் கோல செபெத்தாங் வரும். அதன் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் 1885ல் ஓடியது தைப்பிங்குக்கும் இந்த ஊருக்கும் நடுவேதான். பழைய ஸ்டேஷனின் பெயர்ப்பலகை இன்னும் அங்கே நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழிலும் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும். போகிறவர்கள் எல்லாரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், மீ ஊடாங் சாப்பிடுவார்கள், கரி சுடும் சூளையைப் பார்ப்பார்கள், திரும்பிவிடுவார்கள்.

அந்த மீயில் கிடக்கும் இறாலுக்கும் அந்தக் கரிச்சூளைக்கும் ஒரே தாய்வீடுதான். ஊரைச் சுற்றியிருக்கும் மாத்தாங் அலையாத்திக் காடு. மலாயில் பாக்காவ் காடு என்போம். ஏறக்குறைய 40,000 ஹெக்டர். 1900களின் தொடக்கத்திலேயே இதை வனக் காப்பகமாக்கி, மரம் வெட்டுவதற்குத் திட்டம் போட்டுவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக இந்தக் காட்டை வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். காடும் இருக்கிறது, மீனும் இருக்கிறது.

ஆனால் வேறு பல கடலோரங்களில் இதே மாதிரிக் காட்டை அழித்து இறால் குளம் வெட்டினார்கள். சில வருஷத்தில் குளமும் பாழ், காடும் இல்லை, பக்கத்து மீனவர் வலையும் காலி.

ரெண்டுமே மரத்தை வெட்டுகிற வேலைதானே? ஒன்றில் கடல் பிழைக்கிறது, மற்றதில் ஏன் கெடுகிறது? இந்தப் பாடத்தில் நாம் பார்க்கப்போவது இந்த ஒரு கேள்வியைத்தான். விடை தெரிய வேண்டுமானால் முதலில் ஒரு இறாலோடு கொஞ்ச தூரம் பயணம் போக வேண்டும்.

ஒரு வெள்ளை இறாலின் பயணம்

நம்ம சந்தையில் ஊடாங் பூத்தே என்று விற்கிற வெள்ளை இறாலையே எடுத்துக்கொள்வோம். அது பிறப்பது காட்டில் இல்லை, கடலில். தாய் இறால் கரையிலிருந்து தள்ளி, பத்து மீட்டருக்கு மேல் ஆழமுள்ள இடத்தில் லட்சக்கணக்கில் முட்டை விடும். விட்டதோடு சரி, தாய் அவற்றைப் பார்த்துக்கொள்வதில்லை. ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்துவிடும்.

வெளிவரும் குஞ்சு பார்க்க இறால் மாதிரியே இருக்காது, ஒரு புள்ளி அளவுதான். நீரோட்டத்தில் மிதந்தபடியே பல தடவை தோலுரித்து உருவம் மாறும். ரெண்டு மூன்று வாரத்தில், கண்ணாடி நூல் போன்ற குட்டி இறால் ஆகிவிடும். நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது.

இந்த நூல் இறாலுக்கு இப்போது ஒரு வேலை இருக்கிறது. கரைக்கு வந்து, ஆற்று வாயில் நுழைந்து, காட்டுக்குள் போக வேண்டும். ஆற்றை எதிர்த்து நீந்த அதற்குத் தெம்பு கிடையாது. அதனால் அது கடலின் ஏற்ற வற்றத்தைப் பயன்படுத்துகிறது. கடல் ஏறும்போது அடியிலிருந்து மேலே எழும்பி, உள்ளே போகும் நீரோடு சேர்ந்து போகும். கடல் வற்றும்போது சேற்றோரம் பதுங்கி உட்கார்ந்துவிடும். அடுத்த ஏற்றத்தில் மறுபடி எழும்பும். பஸ்ஸில் ஏறி இறங்குகிற மாதிரிதான். ஏற்றம் ஏற்றமாக, கொஞ்சம் கொஞ்சமாக, காட்டின் குறுகிய ஓடைகளுக்குள் வந்து சேர்ந்துவிடும்.

அங்கே ரெண்டு மூன்று மாதம் தங்கும். நீர் ஏறினால் ஓடையை விட்டு வேர்களுக்கு நடுவே போய் மேயும். நீர் வற்றினால் ஓடைக்கே திரும்பி, கரையோரச் சேற்றில் ஒட்டிக்கொள்ளும். விரல் நீளம் வளர்ந்ததும் கடலுக்குத் திரும்பும். அங்கே முழு வளர்ச்சி அடைந்து முட்டை விடும். பெரும்பாலான வெள்ளை இறாலுக்கு ஆயுசே ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்தான். அந்தச் சின்ன ஆயுளில் ஒரு பகுதியை அது காட்டு ஓடையில் கழித்தாக வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கடலில் வலை போடுகிற மீனவர் காட்டைத் தொடுவதே இல்லை. காடு அவர் படகிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். ஆனால் அவர் வலையில் விழும் ஒவ்வொரு வெள்ளை இறாலும் சில மாதத்துக்கு முன் ஏதோ ஒரு ஓடையின் சேற்றில் ஒட்டிக்கொண்டு இருந்ததுதான்.

வேருக்குள் அப்படி என்ன இருக்கிறது?

முதலில், ஒளிய இடம். மாத்தாங்கில் அதிகமாக நிற்கும் பாக்காவ் மினியாக் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். தண்டிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் வேர், கூடாரக் கம்பி மாதிரி நிற்கும். அந்த இடுக்கில் பெரிய மீன் நுழைய முடியாது. தண்ணீரும் ஆழமில்லை, கலங்கலாக இருக்கும். வேட்டையாடும் மீனுக்குக் கண் தெரியாது. ஒரு சென்டிமீட்டர் குஞ்சுக்கு இதைவிடப் பாதுகாப்பான வீடு கிடையாது.

ரெண்டாவது, சாப்பாடு. மரத்திலிருந்து இலை உதிர்ந்துகொண்டே இருக்கும். சேற்று நண்டுகள் அந்த இலையை இழுத்துக்கொண்டு பொந்துக்குள் போகும். பாக்டீரியாவும் பூஞ்சையும் அதை மக்க வைக்கும். அந்த மக்கலைத் தின்று சின்னப் புழு பூச்சிகள் பெருகும். இறால் குஞ்சு மக்கலையும் தின்னும், அந்தப் பூச்சிகளையும் தின்னும்.

இலையின் சத்து உண்மையிலேயே இறால் உடம்புக்குப் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. காட்டு மர இலையில் இருக்கும் கார்பனும், கடலில் மிதக்கும் நுண்பாசியின் கார்பனும் ஒரே அளவு எடை கொண்டவை அல்ல. எடை கூடிய கார்பனும் குறைந்த கார்பனும் கலந்திருக்கும் விகிதம் ரெண்டிலும் வேறு. இறாலின் சதையைச் சோதித்தால், அது எந்தச் சாப்பாட்டில் வளர்ந்தது என்று தெரிந்துவிடும். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாத்தாங்கில் இப்படிச் சோதித்துப் பார்த்தார்கள். ஓடையின் மேல் பகுதியில் பிடித்த குட்டி இறாலில் காட்டின் கார்பன் நிறைய இருந்தது. கடலை நோக்கி வர வர அது குறைந்து, நுண்பாசியின் பங்கு கூடியது.

இதிலிருந்து ஒரு உண்மை தெரிகிறது. முழுக் கடலும் காட்டு இலையைத் தின்றுதான் வாழ்கிறது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள், அது அப்படி இல்லை. காடு இலையை ஏற்றுமதி செய்து கடலுக்குச் சோறு போடுவதைவிட, குஞ்சுகளைத் தன் மடியிலேயே வைத்து வளர்த்து அனுப்புவதுதான் பெரிய உதவி. அந்த மடி இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். குஞ்சு அதற்குள் வந்து போகவும் வழி வேண்டும்.

வெள்ளை இறால் மட்டும் இல்லை. சியாக்காப் என்கிற கொடுவா, ஆற்று வாயை ஒட்டி முட்டை விடும், அதன் குஞ்சும் காட்டுக்குள் வந்து வளரும். சேற்று நண்டு காட்டிலேயே வாழ்ந்தாலும், முட்டை சுமந்த பெண் நண்டு கடலுக்குப் போய்த்தான் பொரிக்கும். குஞ்சு நண்டு திரும்பக் காட்டுக்கே வரும். சிலாங்கூர் கடலோரக் காட்டு ஓடைகளில் மட்டும் 119 வகை மீனையும் 9 வகை இறாலையும் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள். அவற்றில் நிறைய வகைகள் குஞ்சுப் பருவத்தில்தான் அங்கே பிடிபட்டன.

இந்தக் காட்டு மரங்களில் ஒன்றை நாம் கோயில் வழியாகவே அறிவோம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரம், அலையாத்திக் காட்டு மரம்தான். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரத்தில் அந்தக் காடு இன்றும் இருக்கிறது. அதே மரம் நம்ம நாட்டுக் கடலோரத்திலும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, அதனால் மலாயில் புத்தா புத்தா என்று பெயர். ஏற்ற நீர் எப்போதாவது மட்டும் வந்து தொடும் மேட்டுப் பக்கம் நிற்பதைப் பார்க்கலாம்.

சுங்கை பூலோவின் பழைய மதகுகள்

காட்டுக்குள் குஞ்சு வருகிறது என்பதற்கு ஆய்வுக்கூடம்கூடத் தேவையில்லை. சிங்கப்பூர் வாசகர்கள் சுங்கை பூலோவுக்குப் போயிருப்பீர்கள். 1993ல் இயற்கைப் பூங்காவாகத் திறந்த அந்த இடம், அதற்கு முன்னால் இறாலும் மீனும் வளர்த்த குளங்களாக இருந்தது. மரத்தாலான பழைய மதகை இன்றும் காட்டுவார்கள்.

அந்தக் காலத்துக் குளத்தில் யாரும் குஞ்சு வாங்கி விடவில்லை, தீனியும் பெரிதாகப் போடவில்லை. கடல் ஏறும்போது மதகைத் திறப்பார்கள். நீரோடு சேர்ந்து இறால் குஞ்சு தானாக உள்ளே வரும். மதகை மூடி வளர விடுவார்கள். கடல் வற்றும்போது மதகில் வலையைக் கட்டித் திறந்தால், வளர்ந்த இறால் வெளியே போகிற நீரோடு வந்து வலையில் விழும்.

சுற்றி இருக்கும் காடு குஞ்சைக் கொடுத்தது, மதகு அதைப் பிடித்தது, அவ்வளவுதான். அந்த மாதிரிக் குளம் காட்டை நம்பித்தான் பிழைத்தது. ஒவ்வொருவரும் தங்கள் பங்குக்குக் காட்டை வெட்டிக் குளமாக்கிக்கொண்டே போனால், எல்லார் மதகிலும் வரும் குஞ்சு குறைந்துவிடும்.

குளம் வெட்டும்போது என்ன நடக்கிறது?

பிற்காலத்துக் குளம் வேறு மாதிரி. காட்டு ஓடையோரம் ஒரு ஹெக்டர் குளம் வெட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலையை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் மரத்தை வெட்டி, வேரைப் பிடுங்குவார்கள். அடுத்து எக்ஸ்கவேட்டர் வந்து ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம் தோண்டும். தோண்டிய சேற்றைச் சுற்றிலும் குவித்து வரப்பு கட்டுவார்கள். வரப்பு முழுமையான அன்றே கடலின் ஏற்ற நீருக்குப் பாதை அடைபட்டுவிடும். நூல் இறால் ஏற்றத்தோடு வரும், வரப்பில் முட்டும். ஒளிய வேரும் இல்லை, மேய இடமும் இல்லை. ஓடையில் வேட்டை மீனுக்கு இரையாகிவிடும்.

இங்கேதான் மாத்தாங்குக்கும் குளத்துக்கும் உள்ள வித்தியாசம். மாத்தாங்கில் மரம் 30 வருஷம் வளர்ந்த பிறகு வெட்டுகிறார்கள். நடுவே 15, 20 வருஷங்களில் நெருக்கமாக நிற்கும் சிலதை மட்டும் கம்பத்துக்காக எடுப்பார்கள். காடு முழுவதையும் ஒரே நேரத்தில் தொடுவதில்லை, பகுதி பகுதியாகப் போவார்கள். வெட்டிய இடத்தில் சேறு தோண்டப்படவில்லை, வரப்பு இல்லை. கடல் அன்றைக்கும் ஏறும், மறுநாளும் ஏறும். முருங்கைக்காய் மாதிரி நீண்ட பாக்காவ் விதை நீரில் மிதந்து வந்து ஊன்றும். ஊன்றாத இடத்தில் ஆட்கள் நடுவார்கள். வயசான பழங்காட்டில் இருக்கும் அத்தனை உயிரும் இப்படி வெட்டி வளர்த்த காட்டில் இருக்காது, அது உண்மை. ஆனாலும் குஞ்சு வந்து போகும் கதவு திறந்தே இருக்கிறது.

மரம் போனால் 30 வருஷத்தில் திரும்ப வரும். ஏற்ற நீரின் பாதை போனால், யாராவது வந்து திறக்கும்வரை எதுவும் திரும்பாது. அதான் விஷயம்.

வரப்பு மண்ணில் ஒளிந்திருக்கும் அமிலம்

குளத்தின் கேடு வரப்போடு நிற்பதில்லை. பாக்காவ் சேற்றை மிதித்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது நோய் இல்லை, காற்று புகாத நல்ல சேற்றின் வாசனைதான். கடல் நீரில் இருக்கும் கந்தகச் சத்தை பாக்டீரியா மாற்றும்போது அந்த வாயு உண்டாகிறது. அதே கந்தகம் சேற்றில் இருக்கும் இரும்போடு சேர்ந்து பைரைட் என்கிற பொருளாகப் படியும். நீருக்கடியில் காற்று படாமல் இருக்கும்வரை பைரைட் யாருக்கும் தொந்தரவு செய்யாது. ஆயிரக்கணக்கான வருஷமாகச் சும்மா கிடக்கும்.

எக்ஸ்கவேட்டர் அதைத் தோண்டி வரப்பில் குவிக்கிறது. வெயிலும் காற்றும் படுகிறது. பைரைட் காற்றோடு சேர்ந்து கந்தக அமிலமாக மாறுகிறது, கார் பேட்டரியில் இருக்கிற அதே அமிலம். மழை பெய்ததும் வரப்பிலிருந்து கழுவிக்கொண்டு ஒரு பக்கம் குளத்துக்குள்ளும் மறுபக்கம் ஓடைக்குள்ளும் இறங்கும்.

இறாலுக்கு நீரின் பிஎச் அளவு 7.5க்கும் 8.5க்கும் நடுவே இருந்தால் நல்லது. இந்த மண்ணிலிருந்து வழியும் நீர் 4க்கும் கீழே போகும். பிஎச் 8லிருந்து 4க்கு இறங்கினால் அமிலம் ரெண்டு மடங்கு கூடியது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு, ஆக மொத்தம் பத்தாயிரம் மடங்கு. அந்த அமிலம் மண்ணில் கட்டுண்டு கிடக்கும் அலுமினியத்தையும் இரும்பையும் கரைத்துவிடும். அவை மீன் செவுளில் படிந்து மூச்சை அடைக்கும்.

கண்ணாலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். வரப்புச் சரிவில் வைக்கோல் மஞ்சள் நிறத் திட்டு தெரியும். வாய்க்காலில் துரு நிறச் சளி படிந்திருக்கும். மழைக்குப் பிறகு நீர் வழக்கத்துக்கு மாறாகத் தெளிவாக இருக்கும், ஏனென்றால் கலங்கல் எல்லாம் அமிலத்தில் திரண்டு அடியில் போய்விடும். தெளிந்த தண்ணீர் என்று சந்தோஷப்படக்கூடாது. கடையில் விற்கும் பிஎச் தாளை நனைத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

குளக்காரர் சுண்ணாம்பு போட்டுச் சமாளிப்பார். ஆனால் ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் குளத்தை வற்றவிட்டுக் காயப்போடுவது வழக்கம். காயப்போடும்போது அடிச்சேற்றிலும் காற்று புகுந்து, புது அமிலம் கிளம்பும். சுண்ணாம்புச் செலவு ஏறிக்கொண்டே போகும்.

இதோடு நெருக்கமாக இறாலை விட்டு, தினமும் தீனி போட்டு வளர்க்கும்போது தின்னாத தீனியும் கழிவும் சேரும். நீரை மாற்றும்போது அது ஓடைக்குப் போகிறது. பக்கத்துக் குளத்துக்காரர் அதே ஓடையிலிருந்து நீர் எடுக்கிறார். ஒரு குளத்தில் நோய் வந்தால் அடுத்த குளத்துக்குப் போக அதிக நாள் ஆகாது. 1990களில் வெண்புள்ளி வைரஸ் ஆசியா முழுக்க இப்படித்தான் பரவியது. ஓட்டில் வெள்ளைப் புள்ளி தெரிந்த சில நாளிலேயே மொத்தக் குளமும் செத்து மிதக்கும். 2011 வாக்கில் மலேசியாவில் இன்னொரு நோய் வந்தது. குஞ்சு விட்டு ஒரு மாதம் முடிவதற்குள்ளேயே இறாலைக் கொன்றது. அமிலமும் நோயும் சேர்ந்து அடித்தால் குளத்தைக் கைவிட்டுவிட்டு வேறு காட்டைத் தேடிப் போவதே சுலபம் என்று ஆகிவிடுகிறது.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். புலி இறால் வளர்த்த குளங்களுக்குக் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வரும். பொரிப்பகத்துக்கு முட்டை விடும் தாய் இறாலைப் பெரும்பாலும் கடலில்தான் பிடித்தார்கள். அந்தத் தாய் வளர்ந்த இடமும் கடலோரக் காட்டு ஓடைகள்தான். இப்போது அதிகமாக வளர்ப்பது பசிபிக் கடலின் அமெரிக்கக் கரையிலிருந்து கொண்டுவந்த வெண்கால் இறால். அதற்குத் தாயையும் பண்ணையிலேயே வளர்க்கிறார்கள். ஆனாலும் அதன் தீனியில் சேரும் மீன்மாவு கடல் மீனிலிருந்து வருகிறது.

யார் லாபம், யார் நஷ்டம்?

"அண்ணே, குளத்துல நல்ல காசு வருதே, வேலையும் கிடைக்குதே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இதைத் தாய்லாந்தின் சூராட் தானி கடலோரக் கிராமம் ஒன்றில் ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சுதாவன் சதிரதாய், எட்வர்ட் பார்பியர் என்று பெயர். 2001ல் அதை வெளியிட்டார்கள்.

குளம் ஐந்து வருஷம் ஓடும் என்று வைத்துக்கொண்டார்கள். முதலாளியின் கணக்கில் பார்த்தால் குளம்தான் ஜெயித்தது. காட்டில் விறகும் நண்டும் எடுத்தால் வரும் பணத்தைவிடக் குளத்தில் வந்தது பல மடங்கு அதிகம். பிறகு ஊரின் கணக்கைப் போட்டார்கள். அரசாங்க மானியத்தைக் கழித்தார்கள். நீர் கெட்டதன் செலவைக் கழித்தார்கள். லாபம் மிகவும் சுருங்கிவிட்டது. கடைசியாக, பாழான குளத்தைத் திரும்பக் காடாக்கும் செலவையும் சேர்த்தார்கள். அந்தச் செலவு மிச்சமிருந்த லாபத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது.

கணக்கின் ரகசியம் இதுதான். லாபம் ஒருவர் கைக்கு ஐந்து வருஷத்தில் வருகிறது. நஷ்டம் ஊர் மீனவர்கள் எல்லார் கையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருஷம் போகிறது. அதனால் நஷ்டம் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இன்னொரு பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மீன் குறைந்தால் காட்டழிப்பு ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. இழுவலைப் படகு அளவுக்கு மீறிப் பிடிப்பதும் காரணம். காடு அதிகமுள்ள கரையில் இறாலும் அதிகம் என்று பல நாடுகளின் கணக்கு காட்டுகிறது. ஆனால் அப்படிப்பட்ட கரையில் ஆற்று நீரும் சேறும் ஆழமில்லாத கடலும்கூட அதிகமாகவே இருக்கும். அதனால் ஒரு ஹெக்டர் காடு போனால் இத்தனை கிலோ இறால் போகும் என்று யாராவது ஒரே எண்ணை எல்லாக் கரைக்கும் சொன்னால், கொஞ்சம் யோசித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். குஞ்சு காட்டுக்குள் வளர்கிறது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

அப்படியானால் இறால் வளர்ப்பதே தப்பா? தப்பு இடத்தில்தான். ஏற்ற நீர் எட்டாத மேட்டு நிலத்தில், அமில மண் இல்லாத இடத்தில், கழிவு நீரைத் தேக்கித் தெளிய வைத்துவிட்டு வெளியே விடுகிற குளம் காட்டின் கதவை அடைக்காது. சரியாகச் சொன்னால் குளக்காரருக்கும் மேடுதான் நல்லது, குளத்தை முழுசாக வற்றவிட முடியும்.

கைவிட்ட குளத்தைத் திரும்பக் காடாக்குவது

நம்ம இயக்கக் கிளைகள் சில, கோத்தோங் ரோயோங்காகப் பாக்காவ் கன்று நடப் போவதுண்டு. போகும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் பாங்கூஸ் மீனுக்காகக் காட்டின் பெரும்பகுதியைக் குளமாக்கிவிட்டு, பிறகு கன்று நட்டார்கள். நிறைய இடத்தில் கன்று செத்தது. காரணம், பழைய குளங்கள் யாரோ ஒருவர் கையில் இருந்ததால், சுலபமாகக் கிடைத்த வெறும் கடலோரச் சேற்றில் நட்டார்கள். அங்கே நீர் ரொம்ப நேரம் நிற்கும், அலை அடிக்கும். இயற்கையாகவே காடு வளராத இடம் அது.

கைவிட்ட குளத்தில் முதல் வேலை மண்வெட்டியால் வரப்பை உடைப்பது. பழைய ஓடை எங்கே போனதோ அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே திறந்துவிட வேண்டும். ஏற்ற நீர் உள்ளே வந்து, வற்றும்போது முழுசாக வெளியே போக வேண்டும். நீர் தேங்கினால் கன்றின் வேர் மூச்சு முட்டிச் சாகும். கடல் நீர் வந்து போக ஆரம்பித்தால் அடிச்சேறு மறுபடி நனைந்து, அமிலம் புதிதாக உண்டாவது குறையும். இருக்கும் அமிலத்தையும் கடல் நீரின் காரத்தன்மை கொஞ்சம் கொஞ்சமாகத் தணிக்கும். பக்கத்தில் தாய் மரம் இருந்தால் விதை தானாக மிதந்து வரும். பல இடத்தில் நடவே தேவையிருக்காது. விதை வராத இடத்தில் மட்டும், பக்கத்துக் காட்டில் அதே உயரத்தில் எந்த மரம் நிற்கிறதோ அந்த வகையை நட வேண்டும்.

மரம் வளர வருஷக்கணக்காகும். ஆனால் வரப்பு திறந்ததும் நீரோடு குட்டி மீனும் இறாலும் உள்ளே வர ஆரம்பித்துவிடும். கதவு திறந்ததா என்று பார்க்க அதுவே முதல் அடையாளம்.

கிளைக் கூட்டத்தில் பேச

1. வெள்ளை இறால் கடலிலேயே பிறந்து கடலிலேயே சாகிறது. பிறகு ஏன் அதைக் காட்டின் பிள்ளை என்கிறோம்? அதன் பயணத்தை ஒருவர் படமாக வரைந்து காட்டட்டும்.

2. மாத்தாங்கில் மரம் வெட்டுகிறவர், ஓடையோரம் குளம் வெட்டுகிறவர் இருவரும் கூட்டத்துக்கு வந்தால் அவர்களிடம் என்ன கேட்பீர்கள்?

3. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் கடலோரத்துக்கு, கடல் ஏறும் நேரத்தில் ஒரு தடவையும் வற்றும் நேரத்தில் ஒரு தடவையும் போய் வாருங்கள். நீர் எந்த வழியாக உள்ளே வருகிறது, எங்கே தடைபடுகிறது என்று குறித்து வாருங்கள். வரப்பு இருந்தால் மஞ்சள் திட்டு தெரிகிறதா பாருங்கள். சின்ன வலையில் எதையாவது அள்ளினால், எண்ணிவிட்டு அதே ஓடையில் விட்டுவிடுங்கள்.

4. கன்று நடும் நிகழ்ச்சிக்கு உங்களை அழைத்தால், அழைத்தவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "அந்த இடத்துல கடல் தண்ணி வந்து போகுதா?" இல்லை என்று பதில் வந்தால், கன்றை வைத்துவிட்டு வரப்பைப் பற்றிப் பேச ஆரம்பியுங்கள்.